பன்னிரண்டு பார் ப்ளூஸ்: ராக் பாட்டின் அடியில் ஓடும் கட்டத்தைக் காதால் பின்தொடர்வது எப்படி

1950-களின் ராக்-அண்ட்-ரோல் பாட்டுகளில் பத்தை எடுத்து வரிசையாகக் கேட்டால், பலவற்றின் அடியில் ஒரே கட்டம் ஓடுவது தெரியும். பன்னிரண்டு பார், மூன்று கார்டு, அவை மாறும் இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அளவு, கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்கள். கட்டத்தைத் தாளில் எழுதிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். பாட்டு ஓடும்போது இப்போது எந்தப் பாரில் இருக்கிறோம் என்று சொல்வதுதான் கடினம். அந்தத் திறமைக்கான படிகள் கீழே இருக்கின்றன. வரிசையை மாற்ற வேண்டாம், ஒவ்வொரு படியும் முந்தையதன் மேல் நிற்கிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதல் தேவை ஹெட்ஃபோன். போனின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டின் தாழ்ந்த சத்தமான பேஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும். நாம் பின்தொடரப்போவது பேஸைத்தான். போனிலேயே கேட்டுப் பயின்று, "கார்டு மாறுவதே கேட்கவில்லை" என்று பலர் கைவிடுகிறார்கள். அவர்கள் காதில் குறையில்லை, கேட்க வேண்டிய சத்தம் அவர்களுக்கு வந்து சேரவே இல்லை.

இரண்டாவது, ஸ்ருதி கொடுக்க ஏதாவது ஒன்று. கீபோர்டு, ஹார்மோனியம், கிதார், ஸ்ருதிப் பெட்டி ஆப், எது இருந்தாலும் போதும். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒரே ஒரு பாட்டு. எல்விஸ் பிரெஸ்லி 1956-இல் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' இந்த வேலைக்குப் பொருத்தமானது. இரண்டேகால் நிமிடம்தான் ஓடும். பல்லவி, சரணம் என்று பிரியாமல் அதே பன்னிரண்டு பார் திரும்பத் திரும்ப வரும், நடுவில் வரும் கிதார் சோலோவும் அதே கட்டத்தின் மேல்தான் ஓடுகிறது. ஒரு பாட்டில் கட்டம் உடம்பில் ஏறும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். ஐந்து பாட்டுகளை அரைகுறையாகக் கேட்பவருக்கு ஐந்து மெட்டுதான் நினைவில் நிற்கும், கட்டம் நிற்காது.

2. முதலில் பீட், பிறகு பார்

ஒரு பாருக்கு நான்கு பீட். டிரம்ஸில் சுளீரென்று கேட்கும் ஸ்னேர் அடி பொதுவாக இரண்டாம் பீட்டிலும் நான்காம் பீட்டிலும் விழும். நம் ஊர்க் காது தடுமாறுகிற முதல் இடம் இது. தாளம் போட்டுப் பழகியவர்களுக்குச் சமத்தில் பலமான தட்டு விழ வேண்டும் என்பது ஊறிப்போயிருக்கும். எனவே ஸ்னேர் விழும் இடத்தையே ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லாமே ஒரு பீட் தள்ளிப்போகும். கார்டு மாறும் இடங்கள் எதிலும் ஒட்டாமல் தொங்கும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. ஸ்னேர் விழும்போது கை தட்டுங்கள், தட்டுகளுக்கு நடுவே காலால் தரையை மிதியுங்கள். கால், கை, கால், கை என்று வரும். முதல் கால்தான் ஒன்று. இரண்டு கால்களில் முதல் கால் எது என்ற சந்தேகம் வந்தால், கார்டு மாறும் நொடியைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது ஒன்றில்தான் மாறும்.

லெட் செப்பலின் 1971-இல் வெளியிட்ட 'ராக் அண்ட் ரோல்' பாட்டை இப்போதே எடுக்க வேண்டாம். அதன் தொடக்க டிரம்ஸ் ஒன்றில் தொடங்குவதில்லை, பீட்டுக்கு இடையில் தொடங்குகிறது. கிதார் நுழையும்வரை ஒன்று எங்கே என்பது தேர்ந்தவர்களையும் ஏமாற்றும். அதை இறுதியில் எடுப்போம்.

இன்னொரு எச்சரிக்கை மெதுவான ப்ளூஸ் பற்றியது. அதில் ஒவ்வொரு பீட்டும் மூன்று மூன்றாகப் பிரிந்து, திஸ்ர நடையாக ஒலிக்கும். அந்தச் சிறு துண்டுகளைப் பீட் என்று எண்ணினால் பாட்டு முடிவதற்குள் எண்ணிக்கை எங்கோ போய்விடும். ஸ்னேரை நம்புங்கள். இரண்டு ஸ்னேர் அடி வந்தால் ஒரு பார் முடிந்தது.

3. பன்னிரண்டை விரல் கணுக்களில் எண்ணுங்கள்

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மனதில் எண்ணிக்கொண்டே பாட்டும் கேட்பது பெரும்பாலானவர்களுக்கு நடக்காது. ஏழு, எட்டு வரும்போது பாட்டு மனதை இழுத்துவிடும். எண்ணும் வேலையைக் கைக்குக் கொடுத்துவிட்டால் காது விடுதலையாகும்.

கட்டைவிரலைத் தவிர்த்தால் நான்கு விரல், ஒவ்வொன்றிலும் மூன்று கணு. மொத்தம் பன்னிரண்டு. நாம் வழக்கமாக ஒரு விரலின் மூன்று கணுக்களையும் முடித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போவோம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். கட்டைவிரலைக் குறுக்கே நகர்த்துங்கள்: ஆள்காட்டி விரலின் மேல் கணு, நடுவிரலின் மேல் கணு, மோதிர விரல், சுண்டுவிரல். இது முதல் வரிசை, நான்கு பார். பிறகு நடுக்கணுக்கள், அது இரண்டாம் வரிசை. கடைசியாகக் கீழ்க்கணுக்கள்.

குறுக்கே போகச் சொல்வதற்குக் காரணம், பன்னிரண்டு பார் ப்ளூஸ் நான்கு நான்கு பாராக மூன்று வரிகளால் ஆனது. மும்மூன்றாக எண்ணினால் வரியின் தொடக்கம் கையில் எங்கோ நடுவில் விழும். குறுக்கே போனால் ஒவ்வொரு வரியும் ஆள்காட்டி விரலில் தொடங்கும். இனி வரும் படிகளில் நமக்கு வேண்டிய பெரிய மாற்றங்கள் இரண்டும், ஐந்தாம் பாரும் ஒன்பதாம் பாரும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்குத் திரும்பும் நேரத்தில்தான் நடக்கின்றன.

பாட்டு இல்லாமல் ஐந்து நிமிடம் இதை மட்டும் செய்து பாருங்கள். காலால் நான்கு பீட், கட்டைவிரல் ஒரு கணு. கை தானாக நகரத் தொடங்கிய பிறகு பாட்டைப் போடுங்கள்.

4. கட்டம்

கிதார் வாசிப்பவர்கள் மூன்று கார்டுகளையும் ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணால் சொல்வார்கள். பாரையும் எண்ணால்தான் சொல்கிறோம் என்பதால் புதியவர்களுக்கு இரண்டும் குழம்பும். எனவே இங்கே ஸ்வரத்தால் சொல்கிறேன். பாட்டின் ஆதார ஸ்ருதியின் மேல் நிற்பது ச-கார்டு. சுத்த மத்யமத்தின் மேல் நிற்பது ம-கார்டு. பஞ்சமத்தின் மேல் நிற்பது ப-கார்டு. ஒரு பாருக்கு ஒரு எழுத்து என்று எழுதினால் கட்டம் இதுதான்:

```
ச  ச  ச  ச
ம  ம  ச  ச
ப  ம  ச  ச
```

மூன்று வரியும் மூன்று வெவ்வேறு இடங்களில் தொடங்குகின்றன, மூன்றும் ச-வில் முடிகின்றன. ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு பாரும் ச-கார்டுதான் என்பதைக் கவனியுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது வரியின் முதல் இரண்டு பார் மட்டும்: ச ச, ம ம, ப ம.

ப்ளூஸின் மரபான பாடல் வடிவமும் இதோடு பொருந்தும். முதல் வரியைப் பாடுவார்கள், அதையே மறுபடி பாடுவார்கள், மூன்றாம் வரியில் பதிலோ முடிவோ வரும். பாடகர் வரியின் நான்கு பாரையும் நிரப்பமாட்டார், கொஞ்சம் இடம் விடுவார். அந்த இடத்தில் கிதாரோ பியானோவோ பதில் சொல்லும். ராக் பாட்டில் வரிகளுக்கு இடையே கிதார் வெட்டிக்கொண்டு வரும் பழக்கம் இந்த மிச்ச இடத்தில் பிறந்ததுதான்.

இந்தக் கட்டம் ராக்கில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு கிதாரின் அமைப்பும் துணை செய்தது. ச-வைத் தடித்த கம்பியில் ஒரு ஃப்ரெட்டில் பிடித்தால், அதே ஃப்ரெட்டில் அடுத்த கம்பி ம. அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே போனால் ப. ஆக, ச-வில் ரிஃப் என்னும் சிறு வாசிப்புத் துண்டு ஒன்றைக் கற்றுக்கொண்டவர் அதே விரல் வடிவத்தை நகர்த்தினாலே பாட்டு முழுவதையும் வாசித்துவிடலாம். முன்பின் சந்தித்திராத நான்கு பேர் மேடையேறி, ஸ்கேலை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்க முடிவதும் இதனால்தான். கட்டம் எல்லோருக்கும் தெரியும், மெட்டும் சொற்களும் மட்டுமே பாட்டுக்குப் பாட்டு மாறுகின்றன.

5. பாடகரை விட்டுவிட்டு பேஸைக் கேளுங்கள்

சினிமாப் பாட்டிலும் கர்நாடக இசையிலும் வளர்ந்த காது இயல்பாகவே மெட்டைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அது ஒரு கண்ணி. ஐந்தாம் பாரில் பாடகர் முதல் வரியை ஏறக்குறைய அதே ஸ்வரங்களில் திரும்பப் பாடுவார். மெட்டு மாறவில்லை என்பதால் எதுவும் மாறவில்லை என்று தோன்றும். கீழே தரை நகர்ந்துவிட்டது, மேலே நிற்பவர் அப்படியே நிற்கிறார். மெட்டை மட்டும் கேட்பவருக்கு முதல் எட்டு பாரும் ஒரே நிறமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே மிகத் தாழ்ந்த சத்தத்தைத் தேடுங்கள். பேஸ் எல்லா நேரமும் ஒரே ஸ்வரத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கும். ச-கார்டில் ச க ப த என்று ஏறி இறங்குவது பழைய ராக்-அண்ட்-ரோலில் மிகச் சாதாரணமான ஒரு நடை. ம-கார்டு வந்ததும் அதே வடிவம் அப்படியே தூக்கி வைக்கப்பட்டு, ம த ச ரி என்று ஆகும். ப-கார்டில் ப நி ரி க. இந்த நான்கையும் தனித்தனியாக அடையாளம் காண முயல வேண்டாம். பாரின் முதல் பீட்டில் விழும் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடியுங்கள். அதுதான் பெரும்பாலும் கார்டின் பெயர்.

கீபோர்டு இருந்தால், ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் ச அல்லது ம அல்லது ப என்று ஒரே கட்டையை அழுத்திப் பாருங்கள். தவறானதை அழுத்தினால் காது உடனே சுளிக்கும். அந்தச் சுளிப்பு நல்ல ஆசிரியர், அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்.

6. ச-வைப் பிடித்து முனகுங்கள்

பேஸ் இன்னும் பிடிபடாதவர்களுக்கு இந்த வழி. ஸ்ருதியோடு நிற்கப் பழகிய காதுக்கு இது எளிது. பாட்டு முழுவதும் வாயை மூடிக்கொண்டு ச-வை மட்டும் முனகுங்கள். கார்டு மாற மாற உங்கள் ச வெவ்வேறு விதமாக உட்காரும்.

முதல் நான்கு பாரில் அது வீட்டில் இருக்கும். ச-கார்டின் அடித்தளமே அதுதான். ஐந்தாம் பாரில் ம-கார்டு வரும்போது ச இன்னும் பொருந்தும், ஏனென்றால் ம-கார்டுக்குள் ம, த, ச மூன்றும் உண்டு. ஆனால் நிறம் மாறும். கீழே இருந்த பிடிப்பு நழுவி, ச மேலே மிதப்பதுபோல் கேட்கும். ஒன்பதாம் பாரில் ப-கார்டு வரும்போது உரசும். ப-கார்டில் இருப்பவை ப, நி, ரி, ப்ளூஸில் கூடவே ம. ச அதில் கிடையாது. பக்கத்திலேயே காகலி நிஷாதம் நின்று இடிக்கும். பத்தாம் பாரில் ம-கார்டு வந்ததும் உரசல் தணியும். பதினொன்றில் வீடு.

இந்தச் சோதனைக்குத் தம்பூரா ஆப்பைப் போட வேண்டாம். அதில் ப-வும் சேர்ந்து ஒலிக்கும். ம-கார்டின்போதும் அது குறுக்கிட்டு, எது உரசல் எது உரசல் இல்லை என்பதைக் குழப்பிவிடும். உங்கள் குரல் மட்டும் போதும்.

நான்காம் பாரில் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். பல வாசிப்பாளர்கள் அங்கே ச-கார்டோடு கைசிகி நிஷாதத்தை அழுத்திச் சேர்ப்பார்கள். ச-கார்டில் ஏற்கனவே இருக்கும் அந்தர காந்தாரமும் இந்த நிஷாதமும் சேர்ந்தால் ஒரு இழுப்பு உண்டாகும். காந்தாரம் அரை ஸ்வரம் ஏறி ம-வில் விழ விரும்பும், நிஷாதம் அரை ஸ்வரம் இறங்கி தைவதத்தில் விழ விரும்பும். இரண்டும் ம-கார்டின் ஸ்வரங்கள். அதனால்தான் ஐந்தாம் பார் வருவதற்கு முன்பே "ஏதோ வரப்போகிறது" என்று காது நிமிர்கிறது. அந்த நிமிர்வைக் கவனித்துப் பழகினால் எண்ணாமலேயே ஐந்தாம் பார் தெரியும்.

7. 'ஹவுண்ட் டாக்': பார் பாராக

பாட்டு சி-ஸ்கேலில் இருக்கிறது, நம் கணக்கில் ஒரு கட்டை. பழைய பதிவுகளில் ஸ்ருதி இம்மியளவு ஏறி இறங்கியிருக்கலாம். சரியாகச் சேரவில்லை என்றால் கருவியைப் பாட்டுக்கு ஒத்தபடி நகர்த்துங்கள்.

தொடக்கத்தில் எல்விஸின் குரல் இசைக்குழுவுக்கு முன்பே வந்துவிடும். அந்தச் சொற்கள் முதல் பாருக்கு முந்திய எடுப்பு, பார் கணக்கில் வராது. பாட்டின் தலைப்பான அந்த இரண்டு சொற்கள் விழும் இடம்தான் முதல் பாரின் ஒன்று. இந்தப் பாட்டில் நான் பார்க்கும் தவறுகளில் மிகப் பெரியது, முதல் அசையிலேயே கட்டைவிரலை நகர்த்திவிடுவது. அப்படிச் செய்தவர்கள் ஐந்தாம் பாரை எதிர்பார்த்து நிற்கும்போது பாட்டு இன்னும் நான்காம் பாரில் இருக்கும். தலைப்புச் சொல்லில் ஆள்காட்டி விரலின் மேல் கணுவைத் தொடுங்கள்.

முதல் வரி இரண்டு துண்டாக வரும். முதல் துண்டின் கனமான சொல் ஒன்றாம் பாரில் விழும், இரண்டாம் துண்டின் கடைசிச் சொல் மூன்றாம் பாரில் விழும். நான்காம் பாரின் பின்பகுதியில் அடுத்த வரியின் எடுப்பு தொடங்கிவிடும். எனவே எல்லா வரிகளிலும் சொல் முந்தி வரும், கார்டு பிந்தி வரும். குரல் தொடங்குவதை வைத்து வரியின் தொடக்கத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஐந்தாம் பார்: அதே தலைப்புச் சொற்கள் மறுபடி விழுகின்றன, ஆனால் இப்போது கீழே எஃப், அதாவது ம-கார்டு. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இருக்க வேண்டும். முதல் பாரையும் ஐந்தாம் பாரையும் மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சொல்லும் மெட்டும் ஒன்றாக இருக்க, அடித்தளம் மட்டும் வேறாக இருப்பது இந்த இரண்டு இடங்களை அடுத்தடுத்துக் கேட்டால்தான் உறைக்கும். முழுப் பாட்டையும் பத்து முறை கேட்பதைவிட இது பயன் தரும்.

ஏழாம் பார்: ச-கார்டுக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்புதல் மென்மையானது. ம-கார்டிலும் ச இருப்பதால் பெரிய விழுகை கேட்காது. பலர் ஐந்தாம் பாரைப் பிடித்துவிட்டு ஏழைத் தவறவிடுகிறார்கள். இங்கே பேஸ் மட்டுமே நம்பகமான சாட்சி.

ஒன்பதாம் பார்: சொற்களும் மாறுகின்றன, மூன்றாம் வரி. கீழே ஜி, ப-கார்டு. கட்டத்தின் உச்ச இறுக்கம் இங்கேதான். பத்தாம் பாரில் எஃப். பதினொன்றாம் பாரில், மூன்றாம் வரியின் கடைசிச் சொல் விழும் அதே இடத்தில், சி-க்கு வந்து சேர்கிறது. சொல்லும் கார்டும் ஒன்றாக வீடு சேர்வதால் இதைத் தவறவிடுவது கடினம். பதினொன்று, பன்னிரண்டில் எல்விஸின் டிரம்மர் டி. ஜே. ஃபொன்டானாவின் படபடவென்ற டிரம் உருட்டல் வரும். அது அடுத்த சுற்றுக்கான அறிவிப்பு. அதன் மேலேயே எல்விஸ் மறுபடி எடுப்பைத் தொடங்குவார். உருட்டலின் வேகத்தில் பீட்டைத் தொலைக்காமல் இருக்கக் காலை நிறுத்தாதீர்கள்.

இப்போது கிதார் சோலோவுக்குப் போங்கள். சொல் துணை இல்லாமல் அதே பன்னிரண்டைப் பின்தொடர முடிந்தால், நீங்கள் கட்டத்தைக் கேட்கிறீர்கள். முடியவில்லை என்றால் இதுவரை வரிகளை வைத்துத்தான் இடம் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

8. பன்னிரண்டாம் பாரில் வரும் திருப்பம்

பல பாட்டுகளில் பன்னிரண்டாம் பார் ச-கார்டிலேயே முடியாது. முழுப் பாரோ கடைசி இரண்டு பீட்டோ ப-கார்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த சுற்றின் முதல் பாரில் விழும். இதை டர்ன்அரவுண்ட் என்பார்கள். முழுமையாக ச-வில் நின்றுவிட்டால் பாட்டு முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ப-கார்டு அந்த முடிவைத் திறந்து வைக்கிறது. கடைசிச் சுற்றில் மட்டும் இது இல்லாமல் ச-வில் நிறுத்துவார்கள்.

இதனால் ஒரு சுற்றில் ப-கார்டு இரண்டு இடங்களில் கேட்கலாம், புதியவர்கள் பன்னிரண்டை ஒன்பது என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்த பாரைக் கேட்டால் தீர்ந்துவிடும். ப-வுக்குப் பிறகு ம வந்தால், அல்லது ப இன்னொரு பார் நீடித்தால், நீங்கள் கேட்டது ஒன்பதாம் பார். ப-வுக்குப் பிறகு நேரே ச வந்து அங்கேயே நான்கு பார் தங்கினால் அது பன்னிரண்டு. ப நீடிப்பதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு: ஒன்பது, பத்து இரண்டிலும் ப-கார்டிலேயே நிற்கும் பாட்டுகளும் நிறைய உள்ளன. கட்டத்தில் அதிகம் மாறும் பார் பத்துதான்.

9. வழி தவறினால்

தவறிய இடத்திலிருந்து யூகித்து எண்ணத் தொடங்காதீர்கள். ஒரு பார் பிசகினால் மீதி முழுவதும் பிசகும். கையைத் தளர்த்திவிட்டு காலை மட்டும் ஓடவிட்டு, ஒன்பதாம் பாரின் இறுக்கத்துக்குக் காத்திருங்கள். அது வந்தால் இன்னும் இரண்டு பாரில் வீடு, நான்கு பாரில் புதிய சுற்று. அங்கே ஆள்காட்டி விரலின் மேல் கணுவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மேடையில் வாசிப்பவர்களும் இடம் தவறினால் இதைத்தான் செய்கிறார்கள்.

எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பிசகுகிறது என்றால் தொடக்கத்தில் எடுப்பைச் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். சுற்றுக்குச் சுற்று வேறு வேறு அளவில் பிசகினால் பீட்டே நழுவுகிறது, இரண்டாம் படியில்தான் கோளாறு.

10. கட்டம் நெளியும் பாட்டுகள்

'ஹவுண்ட் டாக்' கைவந்த பிறகு சக் பெரியின் 'ஜானி பி. குட்' (1958) கேளுங்கள். ஸ்ருதி ஆறரைக் கட்டை. இதில் சரணமும் பல்லவியும் தனித்தனியாக உண்டு, சொல்லும் உற்சாகமும் மாறுவதால் கார்டுகளும் வேறு என்று தோன்றும். இரண்டும் தனித்தனிப் பன்னிரண்டு பார் சுற்றுகள்தான். பல்லவி வரும்போது கட்டைவிரல் மறுபடி முதல் கணுவில் இருப்பதைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

அடுத்தது இரண்டாம் பாரிலேயே ம-கார்டு எட்டிப்பார்க்கும் வகை. ச ம ச ச என்று முதல் வரி ஆகிவிடும். க்ரீம் குழு 1968-இல் வெளியிட்ட 'க்ராஸ்ரோட்ஸ்' இதற்கு நல்ல சான்று. இரண்டாம் பாரின் ம-வை ஐந்தாம் பார் என்று எண்ணிவிடுவது வழக்கமான தவறு. நீளத்தை வைத்துப் பிரிக்கலாம்: இரண்டாம் பாரின் ம ஒரே பாரில் திரும்பிவிடும், ஐந்தாம் பாரின் ம இரண்டு பார் நிற்கும்.

பீட்டில்ஸின் 'கான்ட் பை மீ லவ்' (1964) இன்னும் நுணுக்கமானது. அது பன்னிரண்டு பாரில் தொடங்குவதில்லை. முதலில் மைனர் கார்டுகளோடு வேறொரு பகுதி வரும், சரணத்தில்தான் நம் கட்டம் தொடங்குகிறது. கடைசி வரியும் ப ம ம ச என்று நெளிந்திருக்கிறது. ம இரண்டு பார் நீடிப்பதால் வீடு சேர்வது ஒரு பார் தள்ளிப்போய்ப் பன்னிரண்டில் நடக்கும். பதினொன்றில் ச-வை எதிர்பார்த்து நீங்கள் தடுக்கி விழுந்தால் காது சரியாகவே வேலை செய்கிறது.

வரி நீள்வதும் உண்டு. எல்விஸின் 'ஜெயில்ஹவுஸ் ராக்' (1957) பாட்டில் ச-கார்டில் நிற்கும் முதல் வரி நான்கு பாருக்குப் பதில் எட்டு பார் ஓடும். கதை சொல்ல இடம் வேண்டும் என்பதற்காக அந்த நீட்டல். அதன் பிறகு வரும் இரண்டு வரிகளும் வழக்கமான நாலு நாலு பார்தான், மொத்தம் பதினாறு. இப்போது 'ராக் அண்ட் ரோல்' பாட்டுக்கு வாருங்கள். அதில் எல்லாமே இரட்டிப்பு. ஒவ்வொரு கார்டும் இரண்டு மடங்கு நேரம் நின்று சரணம் இருபத்துநான்கு பாராகிறது. கட்டைவிரலை இரண்டு பாருக்கு ஒரு முறை நகர்த்தினால் அதே மூன்று வரிசை கச்சிதமாகப் பொருந்தும்.

11. மூன்று கார்டு இருந்தால் போதாது

கடைசியாக, எல்லா இடத்திலும் பன்னிரண்டு பார் கேட்கத் தொடங்கும் ஆர்வத்தில் வரும் தவறு ஒன்று. ரிச்சி வாலன்ஸின் 'லா பாம்பா' (1958) பாட்டிலும் ச, ம, ப மூன்று கார்டும்தான் இருக்கின்றன. ஆனால் அவை இரண்டே பாரில் சுழன்று முடிந்து மறுபடி தொடங்குகின்றன. நான்கு பார் வீட்டில் தங்குவதும் இல்லை, ஐந்தாம் பாரில் நகர்வதும் இல்லை. எல்விஸின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' (1956) ப்ளூஸ்தான், ஆனால் எட்டு பாரில் சுற்று முடிந்துவிடும். மூன்றாம் வரிசைக்குக் கட்டைவிரல் இறங்கும்போது பாட்டு ஏற்கனவே அடுத்த சரணத்தில் இருக்கும்.

புதிய பாட்டு ஒன்று கையில் வந்தால் கார்டுகளின் பெயரைத் தேடுவதற்கு முன் இந்த மூன்றைச் சோதியுங்கள்: தொடக்கத்தில் நான்கு பார் அளவுக்கு வீட்டில் தங்குகிறதா, ஐந்தில் தரை நகர்ந்து இரண்டு பார் நிற்கிறதா, ஒன்பதில் உங்கள் முனகல் உரசுகிறதா. முதலாவதில் க்ராஸ்ரோட்ஸ் போன்ற சிறு எட்டிப்பார்ப்பை மன்னிக்கலாம். மற்ற இரண்டும் பொருந்தவில்லை என்றால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டு எத்தனை பாருக்கு ஒருமுறை தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்று பேஸை வைத்துப் புதிதாக அளந்து பாருங்கள்.